பில் போடும்போது நீட்டுகிற இரண்டாவது தாள்

கேள்வி: அண்ணா, கோபிக்குப் பக்கத்தில் தோட்டத்திலேயே வீடு கட்டி, தை மாதம் குடி போகிறோம். ஈரோட்டில் ஒரு கடையில் 55 இன்ச் டிவி, ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, ஃப்ரிட்ஜ், முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின் நான்கும் சேர்த்து 1,53,000 ரூபாய்க்குப் பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். பில் போடும் இடத்தில் நான்குக்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று 13,900 ரூபாய் சேர்த்துச் சொல்கிறார்கள். தவணையில் மாதம் 1,160 ரூபாய்தான் கூடுமாம். வீட்டுக்காரர் போட்டுவிடலாம் என்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை டெலிவரி. எடுக்கலாமா, வேண்டாமா? கொட்டேஷன் சீட்டையும் வாரண்டித் தாளையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
— பள்ளி ஆசிரியை, கோபிசெட்டிபாளையம் வட்டம்

பதில்: ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் மூன்றுக்கும் வேண்டாம். டிவிக்கு மட்டும் யோசிக்கலாம், அதுவும் அவர்கள் சொல்கிற விலைக்கு இல்லை. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்கிறேன். வீட்டுக்காரரிடமும் காட்டுங்கள். அவர் கணக்கு வேறு மாதிரி வந்தால் அதையும் தள்ளிவிட முடியாது.

நான் ஈரோட்டில் 19 வருடம் சர்வீஸ் சென்டர் நடத்தியவன். அதில் கடைசி ஆறு வருடம், எக்ஸ்டெண்டட் வாரண்டி விற்கிற கம்பெனிகளுக்கும் வேலை செய்தேன். அவர்களுக்குப் புகார் வந்தால் நாங்கள் வீட்டுக்குப் போய், எது போயிருக்கிறது, எதனால் போனது, சரி செய்ய எவ்வளவு ஆகும் என்று ஜாப் ஷீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். பணம் வருமா வராதா என்பது அந்தச் சீட்டில் எழுதும் இரண்டு வரியில்தான் இருக்கிறது. 'எதனால்' என்ற கட்டத்தில் நாங்கள் என்ன எழுதுகிறோம் என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரிவதே இல்லை.

வாரண்டி என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. பெட்டிக்குள் வருகிற வாரண்டி அட்டை, பொருளைச் செய்தவர் தன் பொருளுக்குக் கொடுக்கிற உறுதி. அதன் விலை பொருளின் விலையிலேயே சேர்ந்துவிட்டது. பில் போடும்போது நீட்டுகிற இரண்டாவது தாள் நீங்கள் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிற இன்னொரு சரக்கு. அதைக் கொடுப்பது சில சமயம் டிவி கம்பெனியாகவே இருக்கும், சில சமயம் கடையாக இருக்கும், பல சமயம் இதையே தொழிலாக வைத்திருக்கிற மூன்றாவது கம்பெனியாக இருக்கும். சிலவற்றுக்குப் பின்னால் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி நிற்கும். கடைப் பையன் எல்லாவற்றையும் 'வாரண்டிங்க்கா' என்றுதான் சொல்வான். இரண்டு வருடம் கழித்து யாரைக் கூப்பிட வேண்டும், பணம் யார் பையிலிருந்து வர வேண்டும் என்பது தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிற பெயரைப் பார்த்தால்தான் தெரியும். நீங்கள் அனுப்பிய தாளில் இருப்பது டிவி கம்பெனியின் பெயரும் இல்லை, கடையின் பெயரும் இல்லை.

சரி, விலைக்கு வருவோம். சீட்டில் டிவிக்கு 3,800, ஏசிக்கு 4,500, ஃப்ரிட்ஜுக்கு 2,600, வாஷிங் மெஷினுக்கு 3,000 என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். டிவியின் 3,800 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதாவது 580 ரூபாய், முதலில் அரசாங்கத்துக்குப் போகிறது. மீதி 3,220 ரூபாயில் கடைக்குக் கமிஷன், விற்ற பையனுக்கு இன்சென்டிவ், திட்டம் நடத்துகிற கம்பெனியின் ஆபீஸ் செலவு, லாபம் எல்லாம் போக மிஞ்சுவதுதான் பழுது பார்க்க. பொருளில் கிடைக்கிற லாபம் ரொம்பக் குறைவு, இந்தத் தாளில்தான் கடைக்கு நிற்கிறது. அதனால்தான் டிவியை விற்கும்போது காட்டாத அக்கறையை இதை விற்கும்போது காட்டுகிறார்கள். இதைத் திருட்டு என்று சொல்லவில்லை. இன்சூரன்ஸ் என்றாலே அப்படித்தான். ஆனால் ஒன்று உறுதி: ஆயிரம் பேர் கட்டுகிற பணத்தில் ஒரு பங்குதான் ஆயிரம் பேருக்கும் சேர்த்துத் திரும்பி வரும். சராசரியில் வாங்குகிறவருக்கு நட்டம்தான். நட்டம் என்று தெரிந்தும் வாங்குவதற்கு ஒரே நியாயம், அந்தப் பழுது வந்தால் குடும்பத்தால் ஒரே மூச்சில் தாங்க முடியாது என்பதுதான்.

இதைப் பார்க்க ஒரு வகுத்தல் போதும். தாளின் விலையை, அந்தத் தாள் ஏற்றுக்கொள்கிற மிகப் பெரிய பழுதின் செலவால் வகுக்க வேண்டும். வருகிற விடை, எத்தனை பேரில் ஒருவருக்கு அந்தப் பழுது வந்தால் கணக்கு சமமாகும் என்பது.

ஏசியில் போட்டுப் பார்ப்போம். முதல் வருடம் கம்பெனி வாரண்டி, அடுத்த இரண்டு வருடத்துக்கு இந்த 4,500. அந்த இரண்டு வருடத்தில் இன்வெர்ட்டர் ஏசியில் காசு கேட்கிற பழுது இரண்டுதான். ஒன்று, வெளியே நிற்கிற யூனிட்டுக்குள் இருக்கும் போர்டு. புது போர்டு மாற்றினால் 9,000 ரூபாய் வரை எஸ்டிமேட் எழுதியிருக்கிறேன். இன்னொன்று கேஸ் கசிவு. கசிகிற இடத்தைக் கண்டுபிடித்து, பற்ற வைத்து, மறுபடி நிரப்ப 3,500 முதல் 4,000 வரை ஆகும். பெரியதையே எடுங்கள். 4,500-ஐ 9,000-ஆல் வகுத்தால் பாதி. இரண்டு ஏசிக்கு ஒன்று அந்த இரண்டு வருடத்துக்குள் போர்டு போனால்தான் கட்டிய காசு திரும்பும். நான் பழுது பார்த்த எந்த பிராண்டும் அவ்வளவு மோசமில்லை. அவ்வளவு மோசமாக இருந்தால் திட்டம் விற்கிறவர் 4,500-க்கு விற்கவும் மாட்டார்.

இத்தோடு இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஏசி பெட்டியின் மேல் 'கம்ப்ரஸர் 10 வருடம்' என்று பெரிதாக ஒட்டியிருக்கும். இப்போது பல பிராண்டுகள் போர்டுக்கும் 5 வருடம் கொடுக்கின்றன. உங்கள் மாடலின் வாரண்டி அட்டையில் போர்டுக்கு 5 வருடம் என்று இருந்துவிட்டால், நீங்கள் 4,500 கொடுத்து வாங்க நினைப்பதில் பெரிய பகுதி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு முன் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், கம்பெனியின் வலைத்தளத்திலும் இருக்கும். ஆனால் 'கம்ப்ரஸர் 10 வருடம்' என்பதை முழுதாக நம்பிவிடவும் வேண்டாம். முதல் வருடத்துக்கு அப்புறம் கம்ப்ரஸர் என்கிற அந்தப் பாகம் மட்டும்தான் பெரும்பாலும் இலவசம். அதைக் கழற்றி மாட்டுகிற கூலி, புதிதாக நிரப்புகிற கேஸ், வண்டி வாடகை எல்லாம் உங்கள் கணக்கு. நாலாவது வருடம் கம்ப்ரஸர் போய், 'இலவசம்னு சொன்னீங்க, அஞ்சாயிரம் கேக்கறீங்க' என்று என்னோடு சண்டைக்கு வந்தவர்கள் நிறையப் பேர்.

பொருள் எப்போது பழுதாகும் என்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. தொழிற்சாலையில் நடந்த தவறு, சரியாகப் பற்றாத சால்டர், கட்டாத பைப் இணைப்பு, இவையெல்லாம் பெரும்பாலும் முதல் சில மாதத்திலேயே வெளியே வந்துவிடும். அது கம்பெனி வாரண்டியில் போகும். தேய்ந்து போகிற பழுது ஆறேழு வருடம் கழித்து வரும், அதற்குள் இந்தத் தாள் முடிந்திருக்கும். நடுவில் இருக்கிற இரண்டாவது, மூன்றாவது வருடங்கள்தான் ஒரு பொருள் தொந்தரவு இல்லாமல் ஓடுகிற காலம். அந்த அமைதியான வருடங்களுக்குத்தான் உங்களிடம் காசு கேட்கிறார்கள்.

அமைதியான வருடத்திலும் நம் பக்கம் பொருள் போகத்தான் செய்கிறது. ஆனால் போகிற காரணம் வேறு, அந்தக் காரணத்துக்குத் தாள் பணம் தராது. ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அவிநாசிக்கு அந்தப் பக்கம், உங்களுடையதைப் போலத் தோட்டத்து வீடு. ஆடிக் காற்றில் கம்பத்து மூன்று ஃபேஸ் லைனின் நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டது. நியூட்ரல் போனால் நம் வீட்டுக்கு வர வேண்டிய 230 வோல்ட் அப்படியே நிற்காது. பக்கத்து ஃபேஸின் சுமையைப் பொறுத்து 300-க்கு மேல் போகும், 400-ஐயும் தொடும். அந்த வீட்டில் இரண்டு ஃபேன், செட்டாப் பாக்ஸ், ஏசி எல்லாம் ஒரே நேரத்தில் போனது. ஏசிக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி 4,200 ரூபாய் கட்டியிருந்தார்கள், ஒரு வருடத்துக்கு மேல் பாக்கியும் இருந்தது. என்னைத்தான் கம்பெனி அனுப்பியது.

வெளி யூனிட்டின் போர்டைக் கழற்றினேன். கரண்ட் உள்ளே வருகிற இடத்தில், காசு அளவுக்கு நீலமாகவோ மஞ்சளாகவோ வட்டமாக ஒரு பாகம் இருக்கும், வேரிஸ்டர் என்று பெயர். வோல்டேஜ் எல்லை தாண்டினால் தான் எரிந்து ஃபியூஸைப் போக வைத்து மற்றதைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. அது வெடித்துப் பக்கமெல்லாம் கரி பிடித்திருந்தது. எந்த மெக்கானிக்குக்கும் அதைப் பார்த்ததும் தெரியும், உள்ளே குறை எதுவும் இல்லை, வெளியிலிருந்து கரண்ட் ஏறி வந்திருக்கிறது என்று. ஜாப் ஷீட்டில் போட்டோ வைக்கச் சொல்வார்கள், மறைக்க முடியாது, மறைப்பதும் தப்பு. 'ஹை வோல்டேஜ்' என்று எழுதினேன். மூன்று நாளில் அவர்களுக்குப் பதில் வந்தது: வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் வந்த பழுது திட்டத்தில் சேராது. அந்த வீட்டுப் பெரியவர் போனில், 'அப்ப கட்டுன காசு எதுக்குங்க தம்பி?' என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்த போர்டை அப்புறம் என் பட்டறையிலேயே சரி செய்தேன். வேரிஸ்டர், ஃபியூஸ், ஒரு ரெக்டிஃபையர், கூலி எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். அவர் கட்டிய 4,200-ல் பாதிகூட இல்லை. ஈரோடு, திருப்பூர், கோவை மூன்று ஊரிலும் போர்டைத் தூக்கி எறியாமல் பாகத்தை மட்டும் மாற்றித் தருகிற நல்ல கைகள் இருக்கின்றன. 9,000 என்பது புது போர்டு போட்டால்தான்.

எல்லாத் தாளும் வோல்டேஜைத் தள்ளுவதில்லை, சிலவற்றில் சேர்த்தும் இருக்கும். உங்கள் தாளில் தள்ளியிருக்கிறார்கள். இரண்டாவது பக்கம், விலக்குகள் என்ற பட்டியலில் வோல்டேஜ், இடி, எலி, பல்லி, பூச்சி, துரு, தண்ணீர், வணிகப் பயன்பாடு என்று வரிசையாக இருக்கிறது. தோட்டத்து வீட்டில் ஏசியின் வெளி யூனிட்டுக்குள் பல்லி போய் போர்டின் இரண்டு முனையைத் தொட்டுச் செத்துக் கிடப்பதை நான் மாதம் ஒரு தடவையாவது பார்த்திருக்கிறேன். அதுவும் அந்தப் பட்டியலில் அடங்கிவிடுகிறது. கடையில் 'எல்லாமே கவருங்க' என்று சொன்னால் இந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள்.

அந்த 4,500-ல் பாதியை வைத்து வேறு ஒன்று செய்யலாம். வீட்டின் டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸில், வோல்டேஜ் கூடினாலோ குறைந்தாலோ வீட்டு லைனையே துண்டித்துவிட்டு, சரியானதும் தானாகத் திரும்ப விடுகிற ஒரு கருவி பொருத்தலாம். எலக்ட்ரிகல் கடையில் 'ஓவர் வோல்டேஜ் புரொடெக்டர்' என்று கேட்டால் தருவார்கள். சிங்கிள் ஃபேஸுக்கு இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆகும், உங்கள் லோடுக்கு எத்தனை ஆம்பியர் என்பதை எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்ல வேண்டும். நியூட்ரல் அறுந்தால் இது நான்கு பொருளையும் சேர்த்துக் காப்பாற்றும். இடிக்கு இது போதாது, அதற்கு சர்ஜ் புரொடெக்டர் என்று தனி. வீடு புதிதாகக் கட்டுகிறீர்கள், வயரிங் ஆட்கள் இன்னும் வந்து போய்க்கொண்டிருப்பார்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று இப்போதே அளந்து பார்க்கச் சொல்லிவிடுங்கள். 'ஸ்டெபிலைசர் தேவையில்லை' என்று ஏசியில் எழுதியிருப்பதை நம்பி விட்டுவிட வேண்டாம். அது மாடலைப் பொறுத்து 290 வோல்ட் வரை தாங்குவேன் என்கிற பேச்சுதான்.

இனி டிவி. இதில்தான் வீட்டுக்காரர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. டிவியில் ஒரே ஒரு பாகம், திரை, கிட்டத்தட்ட டிவியின் விலையில் பாதிக்கு மேல். 48,000 ரூபாய் டிவிக்குத் திரை மாற்ற, கூலியும் வரியும் சேர்த்து 34,000 என்று எஸ்டிமேட் எழுதியிருக்கிறேன். ஏசி போர்டைப் போல பாகத்தை மாற்றிச் சமாளிக்கவும் பெரும்பாலும் முடியாது. திரையில் மேலிருந்து கீழாகக் கோடு விழுந்துவிட்டால் அதோடு சரி.

வகுத்துப் பார்ப்பதற்கு முன், உங்கள் தாளின் நாலாவது பத்தியைப் படியுங்கள். இரண்டாவது வருடத்தில் பில் தொகையில் 20 சதவீதமும், மூன்றாவது வருடத்தில் 40 சதவீதமும் தேய்மானம் கழிப்பார்களாம். பழுது செலவு அந்த மதிப்பைத் தாண்டினால் சரி செய்ய மாட்டார்கள், தேய்மானம் போக மீதியைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். மூன்றாவது வருடத்தில் திரை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 48,000-ல் 40 சதவீதம் கழித்தால் 28,800. எஸ்டிமேட் 34,000. தாண்டிவிட்டது. அதனால் டிவி திரும்பி வராது, 28,800-க்கு அதே கடையின் கூப்பன் வரும், பழைய டிவியை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆக, மூன்றாவது வருடத்துக்கு நீங்கள் வகுக்க வேண்டியது 34,000-ஆல் இல்லை, 28,800-ஆல். 3,800-ஐ வகுத்தால் 13 சதவீதம் வருகிறது. இரண்டாவது வருடத்திலேயே போனால் 34,000-ஆல் வகுக்கலாம், அது 11 சதவீதம். நூறு டிவியில் 11-லிருந்து 13 டிவிக்கு அந்த இரண்டு வருடத்தில் திரை போனால்தான் சமம். என் அனுபவத்தில் அத்தனை போகாது.

ஆனாலும் 34,000 என்பது ஏசி போர்டின் 9,000 இல்லை. குடி போய், தவணையும் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி ஒரு செலவு வந்தால் தடுமாறும் என்று நினைத்தால், டிவிக்கு மட்டும் எடுப்பது தப்பில்லை. அப்போதும் பேரம் பேசுங்கள். இந்தத் தாளின் விலை கல்லில் செதுக்கியது இல்லை. 'டிவிக்கு மட்டும் போடுங்க, 2,500-க்கு மேல வேண்டாம்' என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றால் பெரும்பாலும் இறங்குவார்கள். 2,500-க்கு வந்தால் சமமாகிற கணக்கு 7-லிருந்து 9 சதவீதத்துக்கு இறங்குகிறது. இறங்கவில்லையென்றால் விட்டுவிடலாம்.

விலை இறங்கினாலும் ஒரு நிபந்தனை உண்டு. தாளில் 'டிஸ்பிளே பேனல்' சேரும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். 'அனைத்துப் பாகங்களும்' என்று பொதுவாக எழுதிவிட்டு விலக்கில் பேனலைத் தள்ளுகிற தாள்களும் உண்டு. உங்களுடையதில் சேரும் என்றிருக்கிறது, அந்த வரைக்கும் நல்லது. ஆனால் உடைந்த திரைக்கு வராது. எது தானாகப் போனது, எது அடிபட்டது என்பதை நாங்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவோம். அடிபட்ட திரையில் ஒரு புள்ளியிலிருந்து சிலந்தி வலை மாதிரி கோடு கிளம்பும், டார்ச் அடித்தால் அந்தப் புள்ளி தெரியும். இன்னொன்று யாரும் எதிர்பார்க்காதது. ஈரத்துணியால் துடைப்பது, இல்லாவிட்டால் கண்ணாடி துடைக்கிற திரவத்தை நேரே திரையில் அடிப்பது. அந்த ஈரம் வழிந்து கீழ் ஓரத்தின் சட்டத்துக்குள் இறங்கும். திரைக்கு சிக்னல் கொண்டுபோகிற மெல்லிய ரிப்பன்கள் அங்கேதான் ஒட்டியிருக்கின்றன. சில நாளில் அவை அரித்து, திரையில் நெட்டுக்குக் கோடு விழும். சட்டத்தைக் கழற்றினால் கீழே பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். 'தண்ணீர்' என்று எழுதிவிட்டால் அதோடு முடிந்தது. பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் வீடு துடைத்த அடுத்த வாரம் எனக்கு இந்த மாதிரி டிவிகள் வரும். உலர்ந்த மெல்லிய துணி போதும், அம்மணி.

ஃப்ரிட்ஜுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்ப்ரஸருக்குப் பல வருட வாரண்டி தனியாக இருக்கும். மீதி வருகிற பழுது சென்சார், பனி உருக்குகிற ஹீட்டர், ஃபேன் மோட்டார். எல்லாம் 1,500-லிருந்து 2,500-க்குள் முடியும். 2,500 ரூபாய் பழுதுக்கு 2,600 ரூபாய் காப்பு.

வாஷிங் மெஷினில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சீட்டில் '3 வருட வாரண்டி' என்று போட்டிருப்பது வாங்கிய தேதியிலிருந்து. உங்கள் மாடலுக்கு, நீங்கள் அனுப்பிய படத்தின்படி, கம்பெனியே 2 வருட முழு வாரண்டி கொடுக்கிறது. ஆக 3,000 ரூபாய்க்குக் கிடைப்பது ஒரே ஒரு வருடம். மோட்டாருக்கு ஏற்கெனவே 10 வருடம் இருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் வரக்கூடியது டிரெய்ன் பம்ப், தண்ணீர் வருகிற வால்வு, கதவின் ரப்பர். ரப்பரும் ஹோஸும் தேய்மானப் பாகம் என்று தள்ளிவிடுவார்கள். சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவை வீடுகளில் பத்து வருடம் ஓடுகிற மெஷின், போர் தண்ணீர் விடுகிற வீட்டில் ஹீட்டரில் உப்புப் படிந்து சீக்கிரமே தவிக்கும். அதுவும் விலக்கில்தான் வரும். உங்கள் போர் தண்ணீர் வாளியில் வெள்ளைக் கறை விடுமானால், மாதம் ஒரு தடவை டிஸ்கேலிங் பொடி போட்டுத் துணி இல்லாமல் வெந்நீரில் ஓட விடுங்கள். தறிக்கூடத்துக்கோ ஹாஸ்டலுக்கோ இந்த மெஷினைப் போடுவதாக யாராவது இருந்தால், அவர்கள் இந்தத் தாளை வாங்கவே கூடாது. வணிகப் பயன்பாடு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்கள்.

இப்போது வெள்ளிக்கிழமை. நான் அதிகம் பயப்படுவது தவணையைப் பார்த்துத்தான். பொருளின் விலை 1,53,000, ஃபைனான்ஸ் கம்பெனியின் படிவத்தில் கடன் தொகை 1,66,900 என்று இருந்தால், நீங்கள் வேண்டாம் என்று சொன்னதற்கு அப்புறமும் தாள் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். கடைக்காரர் வாயால் 'எடுத்துட்டோம்ங்க' என்பார், படிவத்தில் இருக்கும். ஓடிபி சொல்வதற்கு முன் அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிடுங்கள். அட்வான்ஸ் போக மீதிக்குத்தான் கடன் என்றால் அதற்கேற்பக் கழித்துப் பாருங்கள். டிவிக்கு எடுத்தாலும் தாளுக்குத் தனி பில் போடச் சொல்லி, அந்த 2,500-ஐ ரொக்கமாகவோ ஜிபேயிலோ கட்டிவிடுங்கள். 'வாரண்டி எடுத்தாத்தான் இந்த ஆஃபர்' என்று சொன்னால், அதையே ஆஃபரின் நிபந்தனையாக எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றுவிடும்.

ஒருவேளை பில் போட்டு முடிந்திருந்தாலும் கை மீறிப் போகவில்லை. பல திட்டங்களில் முதல் சில நாளுக்குள், கிளெய்ம் எதுவும் செய்யாதிருந்தால், ரத்து செய்து பணம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எத்தனை நாள் என்று உங்கள் தாளில் 'ரத்து' என்ற தலைப்பில் இருக்கும், கடைசிப் பக்கம். போனில் சொல்லாமல் மெயிலில் எழுதுங்கள். வாங்கிய தாளுக்கு நியாயமான கிளெய்மை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. தாளுக்குப் பின்னால் இன்சூரன்ஸ் கம்பெனி இருந்து, பாலிசியும் உங்கள் பெயரிலேயே இருந்தால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடமும் போகலாம். இரண்டுக்கும் ஜாப் ஷீட்டின் நகல் வேண்டும். மெக்கானிக் கையெழுத்து வாங்கும்போது, 'எதனால்' என்ற கட்டத்தில் அவர் எழுதியதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காலியாக இருந்தால் போடாதீர்கள். அப்புறம் அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்புவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இதுதான் அடிக்கடி வருகிறது. ஆன்லைனில் போன் வாங்கும்போது கடைசித் திரையில் 'திரை உடைந்தால் காப்பு' என்று வரும். அது வேறு ரகம். அங்கே பழுது பொருளால் வருவதில்லை, நம் கையால் வருகிறது, அதனால் வகுத்தலில் உங்கள் வீட்டுப் பழக்கத்தை வைத்துத்தான் பதில். 2,500 ரூபாய் காப்பு, திரை மாற்ற 15,000, கிளெய்முக்கு 500 கட்டணம் என்றால் ஆறு பேரில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் போட்டு உடைத்தால் சமம். போன தடவை ஒரே வருடத்தில் இரண்டு திரை மாற்றிய பையன் என்றால் எடுத்துவிடுங்கள். அந்தக் கடைசித் திரையில் டிக் ஏற்கெனவே போட்டிருந்தால் அது சட்டப்படி தப்பு. முன்கூட்டியே டிக் போட்ட சம்மதம் செல்லாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன, கேட்காமல் கூடையில் பொருளைச் சேர்ப்பதை 2023-ல் வந்த வழிகாட்டுதல் தடுக்கிறது. எடுத்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

டிவி வந்ததும் சுவரில் மாட்டுவதற்கு முன், பின்பக்கம் ஒட்டியிருக்கிற சீரியல் நம்பர் சீட்டை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கிளெய்ம் என்று கூப்பிட்டால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். மாட்டின டிவியைக் கழற்றிப் பார்க்க இரண்டு ஆள் வேண்டும்.